தோல் பதனிடு வட்டாரத் தீர்ப்பின் எடை: துணை வழிமுறைகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டுச் சட்டத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்ட அறிஞர்களின் எழுத்துகளும் விதிகளை உருவாக்குபவை அல்ல; விதிகளைக் கண்டறிய உதவும் துணை வழிமுறைகளே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடு வட்டாரத்தின் மாசு தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, இத்துணை வழிமுறைகளின் வலிமையையும் வரம்பையும் ஒருசேர விளக்குகிறது. அத்தீர்ப்பு தன் முடிவுக்கு எவ்வகைச் சான்றுகளை அடுக்கியது என்பதையும், அது வகுத்த முன்னெச்சரிக்கைக் கொள்கையின் மூன்றாம் கூறு பிற்காலத்தில் எவ்வாறு ஏற்கப்பட்டது, எங்கு மறுக்கப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே தீர்ப்பு அது முன்வைக்கப்படும் மன்றத்திற்கேற்ப வெவ்வேறு எடை பெறுகிறது என்பதும், அவ்வேறுபாட்டை அறிந்து பயன்படுத்தும் வழக்குரைஞரே அதன் முழுப் பயனைப் பெற முடியும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துணை வழிமுறைகள், வழக்காற்றுச் சட்டம், முன்னெச்சரிக்கைக் கொள்கை, மெய்ப்பிக்கும் பொறுப்பு, பாலாறு, தோல் பதனிடுதல்

முன்னுரை

ஏலகிரி மலையின் வடபுறத்துச் சமவெளியில் பாலாறு வாணியம்பாடியையும் ஆம்பூரையும் தொட்டுச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும் இவ்வாற்றின் ஊற்றுநீரையும் கரையோரக் கிணறுகளையும் நம்பியே இப்பகுதியின் உழவு நடைபெற்றது. அதே நீரை நம்பியே தோல் பதனிடும் தொழிலும் வளர்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையே எழுந்த மோதல் 1991இல் புது தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்தைச் சென்றடைந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அப்பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இத்தீர்ப்பைக் குறிப்பிடுகின்றனர். முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் நாட்டின் சட்டமாயின என்பதே அக்குறிப்பின் சாரம். அக்கொள்கைகள் எந்தச் சான்றின் வழியாகச் சட்டமாயின என்னும் வினா அதற்கிணையான கவனத்தைப் பெறவில்லை. தீர்ப்பை மேற்கோள் காட்டும் வழக்குரைஞருக்கோ அவ்வினாவே முதன்மையானது. எதிர்த்தரப்பு தாக்கும்போது எப்பகுதி நிற்கும், எப்பகுதி ஆட்டங்காணும் என்பதை அதன் விடையே காட்டும்.

துணை வழிமுறை என்னும் தகுதி

பன்னாட்டு நீதிமன்றத்தின் அமைப்புச் சட்டத்தில் 38ஆம் உறுப்பின் முதற்கூறு, அம்மன்றம் எவற்றைக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும் என வரையறுக்கிறது. உடன்படிக்கைகள், வழக்காறு, நாகரிக நாடுகளால் ஏற்கப்பட்ட பொதுக் கொள்கைகள் ஆகிய மூன்றும் முதலில் இடம்பெறுகின்றன. நான்காவதாக, நீதிமன்றத் தீர்ப்புகளும் பல்வேறு நாடுகளின் தலைசிறந்த சட்ட அறிஞர்களின் எழுத்துகளும் சட்ட விதிகளைத் தீர்மானிப்பதற்கான துணை வழிமுறைகளாகக் கூறப்பட்டுள்ளன. நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்திற்காக 1920இல் கூடிய சட்டவியலார் குழு நெடிய விவாதத்திற்குப் பின் உருவாக்கிய வாசகமே சிறு மாற்றங்களுடன் இன்றளவும் தொடர்கிறது.

தீர்ப்பு பற்றிய இப்பகுதி 59ஆம் உறுப்புக்கு உட்பட்டது என்றும் வாசகம் கூறுகிறது. 59ஆம் உறுப்பின்படி ஒரு தீர்ப்பு அவ்வழக்கின் தரப்பினரை மட்டுமே, அவ்வழக்கைப் பொறுத்து மட்டுமே கட்டுப்படுத்தும். முன்தீர்ப்புக்குக் கட்டுப்படுதல் என்னும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபுக்குப் பன்னாட்டு மன்றத்தில் இடமில்லை. நடைமுறையில் அம்மன்றம் தன் முந்தைய தீர்ப்புகளை இடையறாது மேற்கோள் காட்டுகிறது. அறிஞர்களைப் பெயர் சுட்டி மேற்கோள் காட்டுவதோ அரிது. சட்டத்தின் வாசகத்தில் இரண்டும் ஒரே வரியில் நின்றாலும், வழக்குமன்றத்தில் அவற்றின் எடை ஒன்றன்று.

உள்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பு இங்கு இருமுகம் உடையது. ஒரு நாட்டின் நீதிமன்றம் அந்நாட்டின் உறுப்பு. எனவே அதன் தீர்ப்பு அந்நாட்டின் நடைமுறைக்கும் சட்டக் கடப்பாட்டுணர்வுக்கும் நேரடிச் சான்றாகலாம். அதே தீர்ப்பு, வழக்காறு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது என ஆராய்ந்து கூறுமாயின் துணை வழிமுறையாகவும் அமையலாம். ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2018இல் நிறைவு செய்த வழக்காற்றுச் சட்டம் குறித்த முடிவுரைகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. 13ஆம் முடிவுரை பன்னாட்டு மன்றங்களின் தீர்ப்புகளைத் துணை வழிமுறை என நேராகக் கூறுகிறது. உள்நாட்டுத் தீர்ப்புகளைப் பொருத்தமான இடங்களில் கருத்திற் கொள்ளலாம் என்று மட்டுமே கூறுகிறது. உள்நாட்டு மன்றம் தன் நாட்டுச் சட்டச் சட்டகத்திற்குள் நின்று பேசுகிறது என்பதே இவ்வெச்சரிக்கைக்குக் காரணம்.

வழக்கின் பின்னணி

பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடப்பட்டு ஆலைக்கு வருகிறது. அங்கு உப்பு கழுவப்படுகிறது. பின்னர் முடி நீக்கச் சுண்ணாம்புத் தொட்டிகளில் ஊறவைக்கப்படுகிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டு பதனிடும் பழைய முறையுடன், குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுகிறது எனத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அந்நீர் உப்பையும் வேதிப்பொருள்களையும் சுமந்து ஓடைகளுக்கும் திறந்த நிலங்களுக்கும் சென்றது. கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு முறைகள் நீக்குவதில்லை என்பதால், கழிவுநீர் ஓரளவு தெளிந்த பின்னரும் கிணறுகள் உவர்ப்பாயின.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் மேற்கொண்ட முதற்கட்டக் கணக்கெடுப்பின்படி, தோல் பதனிடு வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று. உச்ச நீதிமன்றம் இதனைத் தன் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. மறுபுறம், தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் வட்டார மக்களுக்கு வேலைவாய்ப்பும் தந்தது என்பதையும் அது பதிவு செய்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தியபோதுதான் சட்டக் கொள்கைக்கான தேடல் தொடங்கியது.

தீர்ப்பின் சான்றடுக்கு

நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பின் வாதம் இரண்டு படிகளாக அமைந்துள்ளது. முதற்படியில் அது 1972ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து 1992ஆம் ஆண்டின் ரியோ மாநாடு வரையான வளர்ச்சியைச் சுருக்கி, நிலைத்த வளர்ச்சி என்னும் கருத்து வழக்காற்றுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டுள்ளது என்கிறது. அதே இடத்தில், அதன் முதன்மைக் கூறுகளைப் பன்னாட்டுச் சட்டவியலார் இன்னும் இறுதி செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது. நாடுகளின் நடைமுறை பற்றிய தனி ஆய்வு அங்கு இல்லை. மாநாட்டுப் பிரகடனங்களும் அறிக்கைகளுமே சான்றாக நிற்கின்றன.

இரண்டாம் படி உள்நாட்டுச் சட்டம். அரசமைப்பின் 21, 47, 48அ, 51அ(எ) ஆகிய உறுப்புகளையும், நீர், காற்று, சுற்றுச்சூழல் ஆகியவை குறித்த 1974, 1981, 1986ஆம் ஆண்டுச் சட்டங்களையும் எடுத்துக்காட்டி, இவற்றின் அடிப்படையில் இரு கொள்கைகளும் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் தயக்கமின்றி முடிவு செய்கிறது. அதற்குப் பின்னரே, அவை வழக்காற்றுச் சட்டமாக ஏற்கப்பட்டுவிட்டால் அவ்வழியிலும் உள்நாட்டுச் சட்டமாவதில் இடர்ப்பாடு இராது என்கிறது. ஆகவே வழக்காறு என்பது இத்தீர்ப்பில் மாற்று அடிப்படை. அதுவும் நிபந்தனையுடன் கூறப்பட்ட ஒன்று. அதனை அகற்றினாலும் தீர்ப்பின் முடிவு விழாது.

வழக்காறு உள்நாட்டுச் சட்டத்துள் நுழையும் என்பதற்கு நீதிமன்றம் மூன்று முன்தீர்ப்புகளைக் காட்டியது. 1976ஆம் ஆண்டின் ஜபல்பூர் ஆட்கொணர்வு வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா எழுதியது மாறுபட்ட தீர்ப்பு. பெரும்பான்மை நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. மேலும் அது சட்டத்தைப் பன்னாட்டுச் சட்டத்துடன் இயைய வாசிக்க வேண்டும் என்னும் பொருள்கோள் விதியைப் பற்றியது. 1980ஆம் ஆண்டின் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு, உடன்படிக்கை தானாகவே உள்நாட்டில் செயல்படும் சட்டமாகிவிடாது என்ற கருத்தையும் உள்ளடக்கியது. 1984ஆம் ஆண்டின் கிராமபோன் நிறுவன வழக்கு மட்டுமே உள்வாங்கல் கோட்பாட்டை நேராக ஏற்கிறது. அதுவும் உள்நாட்டுச் சட்டத்துடன் முரண்படாத அளவுக்கே. மூன்று தீர்ப்புகளையும் ஒரே வலிமையுடையனவாக அடுக்கும் வாதம், அவற்றைத் திறந்து படிக்கும் எதிர்த்தரப்பின் முன் தளர்ந்துவிடும். மூன்றனுள் கிராமபோன் வழக்கை மட்டும் அதன் வரம்புடன் முன்வைப்பதே உறுதியான வழி.

மூன்றாம் கூறின் பயணம்

முன்னெச்சரிக்கைக் கொள்கைக்குத் தீர்ப்பு மூன்று கூறுகளைத் தந்தது. அரசும் சட்டப்பூர்வ அமைப்புகளும் சூழல் சீர்கேட்டின் காரணங்களை முன்கூட்டியே உணர்ந்து தடுக்க வேண்டும் என்பது முதற்கூறு. கடுமையான, மீட்கவியலாத கேட்டுக்கான அச்சுறுத்தல் இருக்குமிடத்து அறிவியல் உறுதிப்பாடு இல்லாமை நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்பது இரண்டாம் கூறு. தன் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்பவரையே சாரும் என்பது மூன்றாம் கூறு.

முதற்கூறின் மூலம் 1990ஆம் ஆண்டின் பெர்கன் அமைச்சர்நிலைப் பிரகடனத்திலும், இரண்டாம் கூறின் மூலம் அப்பிரகடனத்திலும் ரியோ பிரகடனத்தின் 15ஆம் கொள்கையிலும் காணக் கிடைக்கின்றன. மூன்றாம் கூறு ரியோவின் 15ஆம் கொள்கையில் இல்லை. அதற்குத் தீர்ப்பு தனியே சான்றும் காட்டவில்லை. மூன்று கூறுகளையும் உள்நாட்டுச் சட்டச் சூழலில் கொள்கையின் பொருள் எனவே நீதிமன்றம் அறிமுகப்படுத்துகிறது. இவ்வடைமொழி பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை. பன்னாட்டு மன்றத்தில் இம்மூன்றாம் கூறை வழக்காறாக நிறுவ முயல்பவருக்கு அதுவே முதல் தடை.

1999 ஜனவரியில் வந்த ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் எம்.வி. நாயுடு வழக்கு இக்கூறுக்கு அறிஞர் எழுத்தின் துணையைத் தேடியது. ஐதராபாத்தின் குடிநீர் ஏரிகளான இமாயத்சாகர், உஸ்மான்சாகர் அருகே எண்ணெய்த் தொழிற்சாலை அமைப்பது பற்றிய வழக்கு அது. வேலூர்த் தீர்ப்பின் கொள்கைகளை நடைமுறைப்படுத்துவதற்கு அவற்றை மேலும் விளக்க வேண்டியுள்ளது எனக் கூறிய நீதிபதி ஜகன்னாத ராவ், ஹார்வர்டு சுற்றுச்சூழல் சட்ட இதழில் 1998இல் சார்மியன் பார்ட்டன் எழுதிய கட்டுரையைப் பன்முறை எடுத்தாண்டார். அக்கட்டுரையின் பொருள் ஆஸ்திரேலியாவில் முன்னெச்சரிக்கைக் கொள்கையின் நிலை. தீர்ப்பு முதலில் விதியைக் கூற, அதற்கான விளக்கத்தைப் பின்னர் ஓர் ஆய்வுக் கட்டுரை வழங்கிய வரிசை இங்குக் குறிக்கத்தக்கது. மெய்ப்பிக்கும் பொறுப்பு ஏன் மாற வேண்டும் என்பதை எழுத்து விளக்கியது. மாற்ற வேண்டும் என்னும் ஆணை நீதிமன்றத்தினுடையது.

2000 அக்டோபரில் நர்மதை அணை வழக்கில் நீதிபதி கிர்பால் இக்கூறுக்கு எல்லை வகுத்தார். விளைவின் அளவு அறியப்படாத மாசுபடுத்தும் தொழில்களுக்கே பொறுப்பு மாற்றம் பொருந்தும். விளைவுகள் அறியப்பட்டு, தணிக்கும் வழிகள் வகுக்கத்தக்க அணைத் திட்டத்திற்கு அது பொருந்தாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் நிலை. தோல் ஆலைக்கு எதிரான வழக்கில் இவ்வெல்லை வாதியைப் பாதிப்பதில்லை. மாறாக, வேலூர்த் தீர்ப்பின் உரிய களம் எது என்பதை அது உறுதிசெய்கிறது.

இந்தியாவுக்கு வெளியே நிலை வேறு. 1998இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, ஹார்மோன் இறைச்சி வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கை பொது வழக்காற்றுச் சட்டமாகிவிட்டதா என்பது தீராத விவாதம் எனக் கூறி முடிவெடுக்காது ஒதுங்கியது. 2010இல் உருகுவே ஆற்றுக் காகிதக்கூழ் ஆலை வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம், முன்னெச்சரிக்கை அணுகுமுறை உடன்படிக்கையைப் பொருள்கொள்ளப் பயன்படலாம் என ஏற்றது. ஆனால் அதனால் மெய்ப்பிக்கும் பொறுப்பு மாறிவிடாது என அர்ஜென்டினாவின் வாதத்தை மறுத்தது. 2011இல் கடற்படுகைப் பூசல் அவை, இவ்வணுகுமுறை வழக்காறாகும் போக்கு தொடங்கியுள்ளது என்ற அளவில் நின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் சட்டமெனக் கொண்ட மூன்றாம் கூறை உலக மன்றம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏற்கவில்லை என்பது தெளிவு.

அறிஞர் எழுத்தின் இடம்

வேலூர்த் தீர்ப்பில் இன்னொரு வகை அறிஞர் எழுத்தும் உண்டு. தூய சூழலுக்கான உரிமை பொதுச்சட்டத்திலேயே உள்ளது எனக் காட்ட நீதிமன்றம் வில்லியம் பிளாக்ஸ்டனின் நூலை எடுத்தாண்டது. 1765 முதல் 1769 வரை வெளிவந்த அந்நூலில், ஓடையின் மேற்பகுதியில் சாயக்கூடமோ சுண்ணாம்புத் தொட்டியோ அமைத்து நீரைக் கெடுப்பது தொல்லை என்னும் தீங்குக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டுள்ளது. முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டி பாலாற்றங்கரையிலும் பதனிடு தொழிலின் முதற்கட்டமே என்பதால், இம்மேற்கோள் வழக்கின் உண்மைகளோடு நெருங்கிப் பொருந்தியது.

பிளாக்ஸ்டன் ஏற்கெனவே நடப்பிலிருந்த சட்டத்தைப் பதிவு செய்தவர். பார்ட்டன் வளர்ந்துவரும் ஒரு கொள்கையை ஆராய்ந்தவர். 1900ஆம் ஆண்டு பக்கெட்டே அபானா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே வேறுபாட்டை அளவுகோலாக்கியது: அறிஞர்களின் நூல்கள் சட்டம் எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் கருத்துக்காக அன்றி, சட்டம் உண்மையில் எவ்வாறு உள்ளது என்பதற்கான நம்பத்தகு சான்றுக்காகவே நாடப்படுகின்றன. எழுத்தாளரின் புகழைவிட, அவர் எதைக் கூறுகிறார், எச்சான்றைத் தொகுத்துத் தருகிறார் என்பதே எடையைத் தீர்மானிக்கிறது.

வழக்குரைஞர் வைக்கத்தக்க எடை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஓர் ஒழுங்கு வெளிப்படுகிறது. வாணியம்பாடி நீதிமன்றத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ வாதிடுபவருக்கு வேலூர்த் தீர்ப்பு துணை வழிமுறை அன்று. அரசமைப்பின் 141ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். வழக்காறு பற்றிய அதன் கூற்று வலுவற்றது என்னும் வாதம் அங்கு எடுபடாது. அரசமைப்பு அடிப்படை தனித்தே நிற்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இத்தேவைகூடக் குறைவு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நிலைத்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்துவோர் ஈடுசெய்தல் ஆகிய கொள்கைகளைத் தீர்ப்பாயம் கையாள வேண்டும் என ஆணையிடுகிறது. இங்கு வழக்குரைஞர் முதலில் சுட்ட வேண்டியது சட்டப் பிரிவு. தீர்ப்பு அதன் பொருளை விரிக்கும். மூன்றாம் கூறை நம்புபவர் நர்மதைத் தீர்ப்பின் எல்லையைத் தாமே முன்கூட்டி எடுத்துரைத்து, தம் வழக்கு மாசுபடுத்தும் தொழில் பற்றியது எனக் காட்டுவது நன்று.

பன்னாட்டு மன்றத்தில் அதே தீர்ப்பைக் கொண்டுசெல்பவர் அதனை இந்தியாவின் நடைமுறைக்கும் கடப்பாட்டுணர்வுக்கும் சான்றாக முன்வைக்கலாம். அது ஒரு நாட்டின் சான்று மட்டுமே. பிற நாடுகளின் நடைமுறையையும் உடன் அடுக்க வேண்டும். வழக்காறு நிலைபெற்றதற்கான துணை வழிமுறையாக முன்வைத்தால், அங்கு ஆராய்ச்சி எவ்வளவு உள்ளது என்ற கேள்வி உடனே எழும். அவ்விடத்தில் தீர்ப்பின் புகழ் உதவாது.

இவ்வெடை வேறுபாட்டுக்கும் நிலத்திற்கும் தொடர்பில்லை எனக் கொள்ளலாகாது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(3) பிரிவின் கீழ் அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஈட்டு ஆணையம், 2001 மார்ச் 7 அன்று வேலூர் மாவட்டத்தில் 29,193 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் ஈட்டுத்தொகையை வகுத்து, அதனை 547 ஆலைகள் செலுத்த வேண்டும் என்றது. இக்கணக்குக்கு அடிப்படையான மாசுபடுத்துவோர் ஈடுசெய்யும் கொள்கை வழக்காற்றை மட்டும் நம்பியிருந்தால், ஒவ்வோர் ஆலையும் அவ்வழக்காற்றை மறுத்திருக்க இயலும். அரசமைப்பும் நாடாளுமன்றச் சட்டமும் அடியில் நின்றதால் கொள்கை நிலைத்தது. தொகையை வசூலித்தல் வேறு சிக்கல். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டுத்தொகை கிடைக்கவும் அது மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கப்படவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமையவும் ஆணையிட வேண்டியிருந்தது.

முடிவுரை

வேலூர்த் தீர்ப்பு பன்னாட்டுச் சட்டத்தை எடுத்துரைத்த முறையில் இடைவெளிகள் உள்ளன. மாநாட்டுப் பிரகடனங்கள் வழக்காற்றுக்கு ஈடாக வைக்கப்பட்டன. மாறுபட்ட தீர்ப்பும் பெரும்பான்மைத் தீர்ப்பும் ஒரே வரிசையில் அமர்ந்தன. மூன்றாம் கூறு மூலமின்றி நுழைந்தது. ஆயினும் உள்நாட்டில் அதன் வலிமை குன்றவில்லை, ஏனெனில் அவ்வலிமை வழக்காற்றிலிருந்து வந்ததன்று. அரசமைப்பிலிருந்து பெற்ற வலிமையைப் பன்னாட்டுச் சட்டத்தின் கணக்கில் எழுதுவதே இத்தீர்ப்பைக் கையாள்வோர் பெரிதும் செய்யும் பிழை. தீர்ப்பையோ அறிஞர் நூலையோ மேற்கோள் காட்டுமுன், அது எம்மன்றத்தைக் கட்டுப்படுத்தும், எந்த வாக்கியம் முடிவுக்கு இன்றியமையாதது, எந்த மூலத்தின்மீது அது நிற்கிறது என்னும் மூன்றையும் வழக்குரைஞர் உறுதி செய்துகொள்ள வேண்டும். பாலாற்றங்கரைக் கிணறுகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு அம்மூன்று வினாக்களுக்கும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகிறது.